சனாவுல்லா பாயின் எட்டு வரி வணக்கம்

சனாவுல்லா பாய் எழுதிய மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த அதிகாரி விருத்தாசலத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. இது ஊருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கும் தெரியாது.

தாலுகா ஆபீஸ் மதிலை ஒட்டி, ஸ்டாம்பு விற்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பந்தல். அதற்குக் கீழே ஒரு சாய்வு மேசை, ஒரு ஸ்டூல், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பாயின் ராஜ்யம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையெழுத்து இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, அச்சு தோற்றுப்போகும். கம்மாபுரத்திலிருந்தும் வேப்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் பக்கத்திலிருந்த மற்ற இரண்டு எழுத்தர்களையும் தாண்டிக்கொண்டு நேராக இவரிடம்தான் வருவார்கள். பட்டா மாற்றமா, பாகப்பிரிவினையா, பையனுக்கு வேலையா, எதுவானாலும் பாய் பேனாவைத் தொட்டு எழுதினால் காரியம் பாதி முடிந்த மாதிரி என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எந்த மனுவானாலும் ஆரம்பம் ஒன்றுதான். "மகாகனம் பொருந்திய, நீதி வழுவாத, ஏழைகளின் கண்ணீரைத் துடைப்பதையே நித்திய கடமையாகக் கொண்ட அதிகாரி துரையவர்களின் திவ்விய சமூகத்துக்கு" என்று தொடங்கி எட்டு வரி போகும். எட்டாவது வரியின் கடைசியில்தான் "தாழ்மையுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம் என்னவென்றால்" என்று வரும். அந்த எட்டு வரியும் அவருடைய சொந்தச் சரக்கு. இருபது வயசில் கட்டியது. அதில் அவருக்கு இருந்த பெருமை, பெண்டாட்டி அஜீஸாவைப் பற்றிக்கூட இருந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பாய் முதலில் பத்திரம் எழுதுகிறவரிடம் வேலை பார்த்தவர். பத்திரத்தில் இடைவெளி விடக் கூடாது. விட்டால் எவனாவது நடுவில் ஒரு வரியைச் செருகி அரை ஏக்கரை அடித்துக்கொண்டு போய்விடுவான். அதனால் ஓரத்திலிருந்து ஓரம் வரை, மேலிருந்து கீழே வரை, சந்தே இல்லாமல் நிரப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தை அவர் மனுவுக்கும் கொண்டுவந்துவிட்டார். பத்தி பிரிப்பது என்ற பேச்சே கிடையாது. ஜனங்களுக்கும் அதுதான் பிடித்தது. வெள்ளையாக இடம் விட்டால் கொடுத்த காசுக்கு ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவார். அந்த எட்டு வரியைக் கேட்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாய்க்கு அது போதும். மனு போய்ச் சேருகிற இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக் கண்ணீர் வருமா கொட்டாவி வருமா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அறுபத்தேழாம் வருஷம் வைகாசிக் கடைசியில் கொளஞ்சியம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ஜங்ஷன் பக்கம் ஒரு பீங்கான் கம்பெனியில் மாவுக் கொட்டகையில் இருந்தவன். வெள்ளைக்கல்லை உடைத்து, அரைத்து, சலித்து மாவாக்குகிற இடம் அது. சாயங்காலம் வெளியே வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். பதினோரு வருஷம் அந்தத் தூசியைக் குடித்துவிட்டு, தை மாதம் மூச்சு அடைத்துச் செத்துப்போனான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆள் செத்தால் அவன் இடத்தை அவன் குடும்பத்துக்கே கொடுப்பார்கள். முதலாளிக்கு அதில் தருமம் செய்த திருப்தி. கொளஞ்சியம்மாளுக்கு மூன்று பெண்கள். அவளுக்கோ இடுப்பு வாதம், நிமிர்ந்து நிற்க முடியாது. மூத்தவள் ஆதிலட்சுமிக்குப் பதினெட்டு வயசு, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். மேஸ்திரி நாலு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

"ஆடி பொறந்ததும் வரச் சொல்றாங்க பாயி. அதுக்குள்ள இந்த டிரெய்னிங் எடம் கெடச்சிட்டா எம் பொண்ணு தப்பிச்சிடும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

புதிதாகத் திறக்கப்போகிற ஒரு பீங்கான் பயிற்சிக் கூடம். பொம்மைக்கும் கோப்பைக்கும் வண்ணம் தீட்டுகிற பிரிவில் பெண்களுக்குப் பன்னிரண்டு இடம், மாதாமாதம் உதவித்தொகை, முடித்தால் வேலை. அச்சடித்த படிவத்தோடு, இந்த இடம் ஏன் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். யார் கையால் எழுதினாலும் சரி.

ஆதிலட்சுமி தானே ஒன்று எழுதி எடுத்து வந்திருந்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள். பாய் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

"என் அப்பா பதினோரு வருஷம் மாவுக் கொட்டகையில் கல் அரைத்து, தூசியால் இறந்தார். இப்போது அவர் இடத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். அங்கே போகாமல் பிழைக்க எனக்கு இந்தப் பயிற்சி வேண்டும்."

அதற்குக் கீழே ஒரு விரல் அளவு இடம். பிறகு படிப்பும் மார்க்கும். மறுபடி இடம். பிறகு, லீவு நாட்களில் பொம்மைகளுக்குக் கண் எழுதிப் பழகியிருப்பதைப் பற்றி நாலு வரி. கையெழுத்து. முடிந்தது. பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது.

பாய் சிரித்துவிட்டார். "என்னம்மா இது, தந்தி குடுக்கறியா? எடுத்த எடுப்புல சாவு. அதிகாரின்னா ஒரு மரியாத வேணாம்?"

"ஏன் வேணும்னுதான கேட்டிருக்காங்க?" என்றாள் ஆதிலட்சுமி.

"கேட்டாங்கன்னா? கேட்ட ஒடனே மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடறதா?"

"ஏய், சும்மா இருடி. பாயிக்குத் தெரியாததா?" என்று தாய்க்காரி அதட்டினாள்.

பாய் அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, புது நிப்பு ஓடுகிறதா என்று அதன் முதுகில் கிறுக்கிப் பார்த்தார். பிறகு முழுநீளத் தாளை எடுத்து இரண்டு பக்கமும் நிரப்பினார். முதல் பக்கத்தில் எட்டு வரி வணக்கம், குடும்பத்தின் பூர்வீகம், பாட்டன் காலத்து நிலம், ஏழ்மையின் கொடுமை. தகப்பன் செத்ததும் மாவுக் கொட்டகையும் பின்பக்கம் பதினாலாவது வரியில் வந்தன. படித்துக் காட்டினபோது கொளஞ்சியம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆதிலட்சுமி அழவில்லை.

இருபது நாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பயிற்சிக் கூடத்துக்கு வந்த மனு தொள்ளாயிரத்துச் சொச்சம். படித்துப் பிரிக்க இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தருக்கு மஞ்சள் காமாலை. அதிகாரி பாலகிருஷ்ணன் தாலுகா ஆபீசில் விசாரித்து, எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் படிக்கக்கூடியவர் என்று சனாவுல்லா பாயைக் கூப்பிட்டனுப்பினார். தற்காலிக வேலை, நாலே நாள்.

பாய் முந்தினநாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். இத்தனை வருஷம் மதிலுக்கு வெளியே உட்கார்ந்தவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்கள் என்றால் சும்மாவா?

பாலகிருஷ்ணன் நல்ல மனிதர். நேரானவர். ஆனால் தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்தது. "பாய், இதுல நீங்க எழுதினதும் இருக்கும். அத நீங்க தொடக் கூடாது. அமீனுதீன் பாத்துப்பாரு" என்றார்.

"நியாயந்தாங்க."

"கூப்பிட வேண்டியதுக்கு மூலையில சரி போடுங்க. சந்தேகம்னா வட்டம். வேணாம்னா குறுக்குக்கோடு. சரி போட்டது மட்டுந்தான் என் மேசைக்கு வரணும். முப்பத்தாறு பேருக்கு மேல நேர்காணலுக்குக் கூப்பிட முடியாது."

அமீனுதீன் இருபத்தைந்து வயசுக் குமாஸ்தா. எதிர் மேசை. பாயை மாமு என்று கூப்பிட்டான்.

முதல் நாள் பாய் ஒவ்வொரு மனுவையும் கடைசி வரை படித்தார். சிலதை இரண்டு தடவை படித்தார். ஒரு பெண் குடிகாரத் தகப்பனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மேசையை விட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. அமீனுதீன் நூற்றி நாற்பதை முடித்துக் கட்டிவிட்டிருந்தான்.

பாலகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாய், கதை கேக்கறதுக்கா வந்தீங்க? வெள்ளிக்கிழமை பட்டியல் போயாகணும். படிவம் சரி பாத்து, சான்றிதழ் பாத்து, பதிவேட்டுல ஏத்தி, மனுவுக்குன்னு மிஞ்சறது ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துல தெரியலன்னா தள்ளுங்க."

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் பாய்க்குக் கழுத்து வலித்தது. கண் எரிந்தது. ஒரு நிமிஷம் அரை நிமிஷமாயிற்று. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கண் அதுவாகவே அப்படிச் செய்தது. முதல் வரியைப் பார்க்கும். அதில் ஆள் இருந்தால், நடந்த விஷயம் ஒன்று இருந்தால், கண் நின்று கீழே இறங்கும். "என் கணவர் லாரியில் அடிபட்டுப் படுத்து இரண்டு வருஷமாகிறது, நான் பொம்மை வர்ணம் தீட்டித்தான் சோறு போடுகிறேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். முழுசும் படித்தார். சரி போட்டார்.

பத்தி பிரித்து எழுதினவர்கள் பிழைத்தார்கள். இங்கே குடும்பம், இங்கே படிப்பு, இங்கே கைவேலை என்று நாலைந்து வரிக்கு ஒருதரம் இடம் விட்டிருந்தால், களைத்த கண் தடுமாறினாலும் மறுபடி வந்து நிற்க ஒரு படி இருந்தது. ஒருத்தி ஓரத்தில் சின்னச் சின்னத் தலைப்பே போட்டிருந்தாள். மார்க்கு எங்கே என்று தேடவே வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு மனசார நன்றி சொன்னார். இன்னொருத்தி ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக உடைத்து இருபது பத்தி ஆக்கியிருந்தாள். அதில் எது எதோடு சேரும் என்றே புரியவில்லை. வேறொருத்தி முதல் வரியிலேயே இடம் கிடைக்காவிட்டால் உயிரை விடுவேன் என்று மிரட்டியிருந்தாள். பாய் பதறிப்போய்ப் படித்தார். கீழே அந்த மிரட்டலுக்குத் தாங்கலாக ஒரு விஷயமும் இல்லை. எரிச்சல் வந்தது. வெறும் சத்தம் என்று குறுக்குக்கோடு போட்டார்.

மதில் மாதிரி நிரப்பின பக்கங்கள்தான் பெரிய கொடுமை. எடுத்ததுமே மனசு சோர்ந்துபோகும். மேலே வணக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். கண் வழுக்கிக்கொண்டு அடிக்கு வந்துவிடும். கை குறுக்குக்கோடு போட்டுவிடும். மூன்றாம் நாள் காலை அப்படி ஒன்றைத் தள்ளினபோதுதான் அவர் கை நின்றது. அது வேப்பூருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ எழுதினது. ஆனால் பாணி யாருடையது? அவருடையதைப் பார்த்துக் காப்பியடித்தது.

எதிர் மேசையைப் பார்த்தார்.

"அமீனு, நான் எழுதினது ஏதாச்சும் வந்துச்சா?"

அமீனுதீன் கொஞ்சம் கூச்சப்பட்டான். "வந்துச்சு மாமு. நாப்பத்திமூணு."

"எத்தினி சரி போட்ட?"

அவன் மேசைக்குக் கீழே கைகாட்டினான். சணல் போட்டுக் கட்டின ஒரு கட்டு. நாற்பத்துமூன்றும் அதில்தான் இருந்தன.

"கோவிச்சுக்காதீங்க மாமு. முதல் மூணு மனுவ முழுசா படிக்கத்தான் பாத்தேன். எல்லாத்துலயும் அதே எட்டு வரி. அப்புறம் கையெழுத்தப் பாத்தாலே தெரிஞ்சிடுது, இதுல விஷயத்தத் தேடணும்னு. தேட எங்க நேரம்?"

அடப்பாவி என்று திட்ட வாய் வந்தது. திட்ட முடியவில்லை. இரண்டு நாளாகத் தானும் அதையேதானே செய்துகொண்டிருக்கிறோம்? யார் யாருடைய தகப்பன் செத்தது, யார் யாருடைய புருஷன் ஓடிப்போனது எல்லாம் எந்தெந்த மதிலுக்குப் பின்னால் கிடந்ததோ, தன் கையாலேயே தள்ளியாயிற்று. பாய் எழுந்து பாலகிருஷ்ணனிடம் போனார்.

"ஐயா, ஒரு பொண்ணு. ஆதிலட்சுமின்னு பேரு. அதோட மனுவ மட்டும் நீங்க ஒருதடவ பாருங்க."

"ஏன், சொந்தமா?"

"இல்லீங்க. எழுதினது நான். தப்பும் என்னோடதுங்க. அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியாந்துச்சு, நாந்தான் கெடுத்தேன்."

பாலகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு பொண்ணுக்குப் பாத்தா மிச்ச நாப்பத்திரண்டு பேரு என்ன பாவம் செஞ்சாங்க? சரி. நாளைக்கு வேல முடிஞ்சதும் அமீனுதீன் அந்தக் கட்ட இன்னொருதரம் பாக்கட்டும். ஆனா ஒண்ணு. நீங்க வாயத் தெறக்கக் கூடாது. இது பாருன்னு ஒரு ஜாடை காட்டினீங்கன்னாலும் கட்டு முழுசும் தள்ளுபடி. அப்புறம் சிபாரிசுன்னு என் தலையில விடியும்."

நாலாம் நாள் சாயங்காலம் நாலரை மணி. ஐந்தரைக்குத் தபால் கட்ட வேண்டும். அமீனுதீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டைப் பிரித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, இஷ்டப்பட்டுத்தான் உட்கார்ந்தான். அதற்குள் அவன் நாலு நாளில் அறுநூறு மனு பார்த்தாயிற்று. பாய் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே பாலகிருஷ்ணன் பதிவேட்டுக்கு மேலாக அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்தில் ஒன்றுக்கு வட்டம் விழுந்தது. பதினெட்டாவதில் ஒரு சரி. பாய் மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார். இருபத்தேழாவது ஆதிலட்சுமியுடையது. நாலாவது வரியில் பேனா மாற்றினதால் மை கொஞ்சம் கறுத்திருக்கும், அதனால் தூரத்திலிருந்தே தெரிந்தது.

அமீனுதீன் எட்டு வரியையும் தாண்டினான். பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பூர்வீகம் ஓடியது. பாட்டன் நிலம் ஓடியது. அவன் விரல் வரிக்கு வரி நகர்ந்து பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. திருப்பு. திருப்புடா தம்பி, பின்னால் இருக்கிறது, பதினாலாவது வரி. வாயைத் திறந்தால் வட்டம் விழுந்தவளும் சரி விழுந்தவளும் போய்விடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டார்.

அமீனுதீன் தாளின் மூலையைத் தூக்கினான். பின்பக்கமும் மதில் மாதிரி நிரம்பியிருந்ததைப் பார்த்தான். கொட்டாவி விட்டான். மூலையைக் கீழே விட்டான். குறுக்குக்கோடு.

அன்றைக்குப் பாய் வீட்டுக்குப் போனதும் சோற்றைத் தொடவில்லை. "என்னாங்க, ஒடம்புக்கு என்னா?" என்று அஜீஸா கேட்டாள். "ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து நாளில் பட்டியல் ஒட்டினார்கள். ஆதிலட்சுமி தனியாகத்தான் வந்தாள். முப்பத்தாறு பேரையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்துவிட்டு, தகரப் பந்தலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊரில் எல்லோருக்கும் பாய் உள்ளே உட்கார்ந்து படித்தது தெரியும்.

"நீங்க இருந்தும் வரலியே பாய். நல்லாத்தான எழுதினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சிபாரிசு, சாதி, லஞ்சம் என்று ஊர் நம்புகிற பொய் எத்தனையோ இருந்தது. அவர் சொல்லவில்லை.

"படிக்கலம்மா. பாதிதான் படிச்சாங்க."

"எது வரைக்கும்?"

"முன்பக்கம்."

ஆதிலட்சுமி யோசித்தாள். "முன்பக்கத்துல எங்கப்பா வராரா?"

"இல்ல."

"நானு?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "பேரு வருது."

"பின்ன யாருதான் இருக்காங்க அதுல?"

"அதிகாரி இருக்காரும்மா. அவரத்தான் எழுதியிருந்தேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வரேன் பாய்" என்றாள். ஆடி இரண்டாம் தேதி மாவுக் கொட்டகையில் பேர் பதிந்தாள்.

அதன் பிறகு பாய் எட்டு வரியை எழுதவே இல்லை. ஐயா என்று ஒரு வார்த்தை. அடுத்த வரியில் விஷயம். யாருக்கு என்ன நடந்தது, என்ன வேண்டும். பத்தி பிரித்தார். ஒரு பத்திக்கு ஒரு சங்கதி. முன்பக்கத்தோடு முடித்தார். எழுதுவதற்கு முன்னால், "படிக்கறவன் மத்தியானம் மூணு மணிக்குப் படிக்கறான்னு வெச்சுக்க. அவனுக்கு எது மொதல்ல தெரியணும்?" என்று கேட்பார்.

ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. "என்னா பாய், கால் பக்கம் காலியா கெடக்குது?" என்பார்கள். படித்துக் காட்டினால் யாருக்கும் கண்ணீர் வரவில்லை. சுருக்கமாக இரண்டு வரியில் தங்கள் சங்கடத்தைக் கேட்டதும் அவர்களுக்குக் கோபம்தான் வந்தது; இவ்வளவுதானா நம்ம கஷ்டம் என்று தோன்றிவிடும் போலிருக்கிறது. பச்சமுத்து என்று புதிதாக ஒருவன் எதிரே பந்தல் போட்டு மனு எழுத உட்கார்ந்தான். பாயின் பழைய மனு ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, அந்த எட்டு வரியை அப்படியே மனப்பாடம் செய்துவைத்திருந்தான். எழுபதாம் வருஷம் வாக்கில் கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. பாய் தன் வரிகள் எதிர்ப் பந்தலிலிருந்து சத்தமாகக் கேட்பதை, ஈ ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருதரம் எழுந்துபோய், "வேணாம்பா, அத விட்ரு, படிக்க மாட்டாங்க" என்று சொன்னார். வயிற்றெரிச்சல் என்று பச்சமுத்து சொல்லிவிட்டான். நியாயந்தானே, வேறு என்ன நினைப்பான்?

பாய் எழுதிக் கொடுத்தவர்களில் சிலருக்குக் காரியம் நடந்தது. அவர்கள் அதை அதிர்ஷ்டம் என்றோ சாமி புண்ணியம் என்றோ எடுத்துக்கொண்டார்கள். பாயும் திருத்தவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஆதிலட்சுமி மறுபடி அந்த பெஞ்சுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவதற்குள் நாலு இடத்தில் நின்றிருக்கிறாள். பாய் முதலில் அடையாளம் தெரியாமல் கொளஞ்சியம்மாளோ என்று நினைத்தார். தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருமிவிட்டுப் பேசினாள், பேசிவிட்டு இருமினாள்.

அரசாங்க நெஞ்சு ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்க வேண்டும். உள்ளூர் டாக்டரின் சீட்டோடு மனு அனுப்பினால் அங்கே ஒரு டாக்டர் பார்த்து யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார். கட்டில் கொஞ்சம். கேட்கிறவர்கள் நூற்றுக்கணக்கில்.

"பச்சமுத்துகிட்ட போகலியா?" என்று பாய் கேட்டார்.

"இல்ல. உங்ககிட்டதான் எழுதணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. தாளை வைத்துக்கொண்டு, "ராத்திரியில எப்படித் தூங்கற?" என்றார்.

"எங்க தூங்கறது? படுத்தா அடைக்குது. செவுத்துல சாஞ்சு உக்காந்துதான்."

பாய் எழுதினார். "ஆதிலட்சுமி, வயது இருபத்தேழு, ஒன்பது வருஷம் பீங்கான் மாவுக் கொட்டகையில் தூசியில் வேலை செய்தவர், நாலு மாதமாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறார்." கீழே இடம் விட்டார். தகப்பன் அதே கொட்டகையில் அதே மாதிரி இறந்தது இரண்டு வரி. எடை, சளி, காய்ச்சல், டாக்டர் சொன்னது தனியாக. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்பது கடைசியாக. முன்பக்கத்தில் பாதிதான் வந்தது. மிச்சம் வெள்ளை.

எட்டாம் நாள் கார்டு வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி. ஆதிலட்சுமி அதை எடுத்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் செலவழித்து, அவரிடம் காட்ட வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"முழுசும் படிச்சிருக்காங்க பாய். இங்க பாருங்க, உக்காந்து தூங்கறதால தலமாட்டு ஒசரமா இருக்கற கட்டிலு தரேன்னு எழுதியிருக்காங்க."

பாய் கார்டை வாங்கிப் பார்த்தார். எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

"இப்படி எழுத எப்ப பாய் கத்துக்கிட்டீங்க?" என்று அவள் கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒன்னோட மனுவுலதாம்மா" என்றார் பாய்.

அவள் கார்டைத் திரும்ப வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மெதுவாக பஸ்ஸுக்குப் போனாள். அப்பாவைப் போலவே அவளும் போய்ச் சேரும் வரை, அந்தக் கட்டில் அவளுக்கு ஏழு வாரம்தான் தேவைப்பட்டது.